கிலோவில் வாங்கி மீற்றரில் வெட்டுகிறோம்: ரீசேர்ட் துணிக் கணக்கை நான் படித்த விதம்

ஆடை உற்பத்திப் பயிற்சியின் இறுதி மதிப்பீட்டுக்குத் தயாராகும் தங்கச்சி தம்பிமார் என்னிடம் அதிகம் கேட்பது துணிக் கணக்குத்தான். மட்டக்களப்பிலிருந்தும் கல்முனைப் பக்கமிருந்தும் வருகிற கேள்வி கிட்டத்தட்ட ஒன்றே: "அக்கா, ஜி.எஸ்.எம் என்றால் என்னவென்று தெரியும். ஆனால் 120 ரீசேர்ட்டுக்கு எத்தனை கிலோ என்று கேட்டால் கை ஓடவில்லை." எனக்கு அந்தக் கணக்கு எந்த வழியில் பிடிபட்டதோ அந்த வழியிலேயே எழுதுகிறேன்.

ஜி.எஸ்.எம் என்பது ஒரு சதுர மீற்றர் துணியின் எடை, கிராமில். மருதமுனையில் கைத்தறிச் சாறமோ சேலையோ எடுக்கப் போனால் யாரும் இதைக் கேட்பதில்லை. நெசவுத் துணியை யாரிலோ மீற்றரிலோ அளந்து வாங்குகிறோம், அதே அளவில் வெட்டுகிறோம், அதோடு கணக்கு முடிந்தது. ரீசேர்ட்டுக்கு எடுக்கிற பின்னல் துணி அப்படியில்லை. அதைப் பெரும்பாலும் கிலோவில் விற்கிறார்கள். வெட்டுமேசையில் நாம் விரிப்பதோ மீற்றரில். வாங்கிய கிலோ மேசையில் எத்தனை மீற்றராக விரியும் என்பதை ஜி.எஸ்.எம்மும் துணியின் அகலமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

மதிப்பீட்டில் முதலில் வருவது செய்முறை. ஒரு துண்டுத் துணியைத் தந்து, "தங்கச்சி, இது எத்தனை ஜி.எஸ்.எம்? கண்டுபிடித்துச் சொல்லுங்கள்" என்பார்கள். வட்ட வெட்டி இருந்தால் வேலை சுலபம். அது 100 சதுர செ.மீ. வட்டம் ஒன்றை வெட்டித் தரும். அதன் எடையை 100 ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 1.80 கிராம் என்றால் 180. வட்ட வெட்டி இல்லையென்றால் 10 செ.மீ. சதுரம் ஒன்றை பிளேட்டால் வெட்டினாலும் அதே பரப்புத்தான். ஒரே இடத்தில் வெட்டாமல் அகலத்தின் குறுக்கே நான்கைந்து இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள். கரையை ஒட்டி வெட்டாதீர்கள், அங்கே துணி தடித்தோ சுருண்டோ இருக்கும்.

இங்கே தராசுதான் சிக்கல். 1.80 கிராமில் 0.1 கிராம் பிழைத்தால் ஜி.எஸ்.எம்மில் 10 பிழைக்கும். ஆகவே ஒரு கிராம் படியில் காட்டும் சமையலறைத் தராசில் இந்தச் சிறு துண்டை வைப்பதில் பயனே இல்லை. நகைக்கடையில் இருப்பது போல 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். அது கிடைக்காத இடத்தில் முழு அகலத்துக்கும் சரியாக ஒரு மீற்றர் நீளம் வெட்டி, அந்தப் பெரிய துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து, மீற்றரில் அளந்த அகலத்தால் வகுத்துவிடுங்கள். முந்நூறு கிராமுக்கு மேற்பட்ட எடையில் ஒரு கிராம் கூடிக் குறைவது பெரிதில்லை. வாய்மொழிக் கேள்வியில் இந்த வழியைக் காரணத்தோடு சொன்னால் உங்களுக்கு விளங்கியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இனி அளவுக் கணக்கு. நம் பக்கத்தில் முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி ஓடர்கள் வருமே, அப்படி ஒன்றை எடுப்போம். ஒரு இல்லத்துக்கு 120 ரீசேர்ட். எஸ் 20, எம் 40, எல் 40, எக்ஸ்எல் 20. துணி சிங்கிள் ஜேர்சி, 180 ஜி.எஸ்.எம், முழு அகலம் 182 செ.மீ.

பாடத்தில் தரும் சுருக்கச் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உடல் நீளம், கை நீளம், தையலுக்கும் மடிப்புக்கும் 8 செ.மீ. மூன்றையும் கூட்டி, அரை மார்பளவோடு 4 செ.மீ. சேர்த்து வருகிற எண்ணால் பெருக்கி, முன்னும் பின்னும் என்பதற்காக இரண்டால் பெருக்க வேண்டும். எம் சைஸில் உடல் 70, கை 22, அரை மார்பு 52 என்றால்:

```
(70 + 22 + 8) × (52 + 4) × 2 = 11200 ச.செ.மீ = 1.12 ச.மீ
1.12 × 180 = 201.6 கிராம்
```

120 ரீசேர்ட்டுக்கு ஏறத்தாழ 24.2 கிலோ, வீணாவதற்கு 10 வீதம் சேர்த்தால் 26.6 கிலோ. விலை சொல்லும் நேரத்தில் இது போதும். ஆனால் அந்த 10 வீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இந்தச் சூத்திரத்தில் பதில் இல்லை. துணியின் அகலமும் இதில் எங்கும் வரவில்லை. அகலம் 150 ஆனாலும் 182 ஆனாலும் ஒரே விடைதான் தரும். வெட்டுமேசையில் அப்படி நடக்காது.

அதனால் மார்க்கர் வழியில், அதாவது வெட்டும் பற்றன்களைத் துணியின் அகலத்துக்குள் அடுக்கிப் பார்க்கும் வழியில், செய்து பழகுங்கள். சைஸ்களின் விகிதம் 1:2:2:1. ஆறு ரீசேர்ட்டின் பற்றன்களை ஒரே மார்க்கரில் அடுக்கி, 20 அடுக்குத் துணியை விரித்து வெட்டினால் 120 வந்துவிடும். துணியின் இரு கரையிலும் ஊசித்துளை விழுந்த ஓரம் பாவிக்க முடியாது. அதைத் தள்ளினால் பற்றன் வைக்கக்கூடிய அகலம் 178 செ.மீ. என்று வைப்போம். தையலுக்கு இடம் விட்ட உடல் துண்டுகள் 51 இலிருந்து 60 செ.மீ. வரை அகலம், ஆகவே குறுக்கே மூன்று பொருந்தும். எக்ஸ்எல் இரண்டோடு எல் ஒன்றை வைத்தால் 177, மட்டுமட்டாக உள்ளே நிற்கும். உடல் துண்டு பன்னிரண்டும் நான்கு வரிசையில் அடங்கிவிடும். மிச்ச இடத்தில் கைகளை ஒன்றுக்கொன்று இடைசெருகி வைத்தால் மார்க்கர் நீளம் 3.70 மீற்றர் அளவில் வரும். அடுக்கின் இரு முனையிலும் 2 செ.மீ. விட வேண்டும், ஆக ஓர் அடுக்குக்கு 3.74 மீற்றர். இருபது அடுக்குக்கு 74.8 மீற்றர்.

இப்போது மீற்றரைக் கிலோவாக்க வேண்டும். விடைத்தாள்களில் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். மார்க்கரை 178 இல் போட்டோம் என்பதற்காக எடையையும் 178 இல் கணக்கிட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் கரையை வெட்டிவிட்டா நிறுக்கிறார்? பாவிக்க முடியாத ஓரத்துக்கும் நாம் காசு கொடுக்கிறோம். ஆகவே மார்க்கருக்குப் பாவிக்கும் அகலம், எடைக்கு முழு அகலம்.

```
ஒரு மீற்றர் நீளத்தின் எடை = 1.82 × 180 = 327.6 கிராம்
74.8 × 327.6 ≈ 24.5 கிலோ
```

ரோல் முடிகிற இடத்து மிச்சம், ஓட்டை, எண்ணெய்க்கறை இவற்றுக்கு 3 வீதம் சேர்த்தால் 25.2 கிலோ. பலர் இதோடு கோடு போட்டு முடித்துவிடுவார்கள். நான் இன்னொரு படி போகச் சொல்வேன். 180 என்று எழுதி வாங்கினாலும் 5 வீதம் கூடிக் குறைவதைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதாவது 189 வந்தாலும் துணி "சரி"தான். அந்தத் துணியில் ஒரு மீற்றர் 344 கிராம். 25.2 கிலோ வாங்கினால் 73.3 மீற்றர்தான் விரியும். 3.74 ஆல் வகுத்துப் பாருங்கள், 19 அடுக்குத்தான் முழுதாக வரும். 114 ரீசேர்ட், ஆறு குறைவு. யாரும் ஏமாற்றவில்லை, தராசும் சரி, துணியும் நல்ல தடிப்பு, ஆனாலும் ஆறு பிள்ளைகளுக்குச் சட்டை இல்லை. மிச்சத்துக்குப் பிறகு போய்த் துணி எடுத்தால் வேறு சாயத்தொகுதி வரும், சிவப்பில் சிவப்பு சேராது.

ஆகவே கிலோவில் வாங்கும்போது மேல் எல்லையை வைத்துக் கணக்கிடுங்கள். 74.8 மீற்றரை 344 கிராமால் பெருக்கினால் 25.7 கிலோ, 3 வீதம் சேர்த்தால் 26.5. சுருக்கச் சூத்திரமும் 26.6 என்றுதான் சொன்னது. ஆனால் இந்த விடையில் ஒவ்வொரு கிராமும் எதற்கு என்று உங்களால் சொல்ல முடியும். மீற்றரில் வாங்குகிற துணியில் விஷயம் தலைகீழ்: நீளம் குறையாது, ஜி.எஸ்.எம் குறைந்தால் துணி மெலிந்து, பின்னால் கையை வைத்தால் நிழல் தெரியும். அங்கே கீழ் எல்லையைத்தான் பார்க்க வேண்டும்.

வாய்மொழியில் கேட்கக்கூடிய இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கழுவினால் ஜி.எஸ்.எம் மாறுமா? மாறும். நீளத்திலும் அகலத்திலும் 5 வீதம் சுருங்கினால், அதே நூல் குறைந்த பரப்பில் அடங்குகிறது. 180 ஐ 0.95 ஆல் இரண்டு தடவை வகுத்தால் 199. கழுவிய மாதிரிச் சட்டையில் வட்டம் வெட்டி அந்த எண்ணை ஓடரில் எழுதினால், தேவைக்கு மேல் தடித்த துணி வந்து சேரும். இதே காரணத்தால்தான், இறுக்கிச் சுற்றிய ரோலிலிருந்து உருவியவுடன், துணி இழுபட்டே இருக்கும்போது எடுக்கிற அளவு ஜி.எஸ்.எம்மைக் குறைத்துக் காட்டும். துணியை விரித்து ஒரு நாள் தளர விட்டு, அதன்பிறகு அளந்து வெட்ட வேண்டும்.

மற்றது ஈரம். ஆய்வுகூடத்தில் 20 பாகை செல்சியஸ், 65 வீத ஈரப்பதனில் துணியை வைத்துவிட்டு நிறுப்பார்கள். நம் கரையோரத்தில் மாரிகாலக் காற்று அதைவிட ஈரம். பருத்தி அந்த ஈரத்தை நன்றாக இழுக்கும், பொலியெஸ்டர் மிகச் சிறிதளவே இழுக்கும். அதனால் முழுப் பருத்தித் துணியை மழைநாளில் நிறுத்தால் ஓரிரு வீதம் கூடக் காட்டலாம். ஜனவரியில் பருத்தி ஜேர்சி எடுக்கும்போது எடையில் ஒரு பங்கு தண்ணீர் என்பதை நினைவில் வையுங்கள்.

கழுத்துப் பட்டி ரிப் துணியைத் தனியாகப் போட வேண்டும், மார்க்கரில் அது இல்லை. ஒரு பட்டி 6 செ.மீ. அகலம், 44 செ.மீ. நீளம், ரிப் 240 ஜி.எஸ்.எம் என்றால் ஒன்றுக்கு 6.3 கிராம், 120 க்கு 760 கிராம். ஒரு கிலோவாக எடுங்கள். உடல் துணியோடு சேர்த்தே, அதே சாயத்தொகுதியில் கேட்டு வாங்குங்கள்.