சாமி மலையேறும் வரை

எங்கள் குலசாமி சுடலைமாடன். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே கோயில். கோபுரமும் கிடையாது, பிரகாரமும் கிடையாது. மேலே போகப்போகக் குறுகும் பீடத்துக்குச் சுண்ணாம்பு பூசியிருக்கும், அவ்வளவுதான் மாடன். பக்கத்தில் பேச்சியம்மனும் இசக்கியும் முண்டனும். வருஷம் முழுக்க ஒற்றை விளக்கோடு கிடக்கும் இந்த இடத்தில் கொடைத் திருவிழா என்றால் சென்னை, திருப்பூர், மும்பை என்று சிதறிக் கிடக்கும் பங்காளிகள் எல்லோரும் வந்துவிடுவோம்.

சாமியாட்டத்தைக் கைபேசியில் மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரிவது பந்தமும் அரிவாளும் விரிந்த கண்ணும்தான். அது கொடையில் சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. கால்நாட்டு அன்று பந்தக்காலை ஊன்றி, சாமியாடிக்குக் காப்புக் கட்டுவார்கள். அன்றிலிருந்து அவர் கோயிலில்தான் படுக்கை. ஒருவேளைச் சாப்பாடு, அதிலும் கறி மீன் இல்லை. சாவு வீட்டுக்குப் போகக்கூடாது, வாய்ச்சண்டை கூடாது. எங்களுக்குச் சாமியாடுபவர் என் பெரியப்பா முறை. வாழைக்காய் வியாபாரி. விரதத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார், தார் என்ன விலை போகிறது என்று கேட்பதை மட்டும் விடமாட்டார். ஏழாம் நாள் இரவு, சாமியைக் கொடைக்கு அழைக்கும் குடியழைப்பு. மறுநாள் மதியக்கொடை, இரவு சாமக்கொடை.

சுடலைக்குக் கணியான் கூத்து வேண்டும். அண்ணாவி நடுவில் நின்று கதை பாடுவார். பெண் வேஷம் கட்டிய இருவர் சலங்கையோடு ஆடுவார்கள். பின்னால் மகுடம் என்ற பறை இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். கன்றுத்தோல் தளர்ந்தால் சத்தம் செத்துவிடும் என்பதால் ஓரத்தில் சருகு எரித்து அடிக்கடி காய்ச்சிக்கொள்வார்கள். கயிலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து பார்வதி மடியில் விழுந்து பிள்ளையான மாடன், சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றதும், பூலோகத்துக்கு அனுப்பப்பட்டதும்தான் கதை. பெரியப்பா பீடத்துக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருப்பார். கேட்டுக்கொண்டிருக்கிறாரா, தூங்குகிறாரா என்றே தெரியாது.

முதலில் வருவது கொட்டாவி. ஒன்று, இரண்டு, அடுக்கடுக்காக. பிறகு வலது கால் பெருவிரலில் ஒரு நடுக்கம். அண்ணாவியின் கண் பாட்டில் இல்லை, அந்த விரலில்தான் இருக்கிறது. நடுக்கம் கண்டதும் கதையை அங்கேயே நிறுத்தி, மாடனை அழைக்கும் அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். மகுடம் வேகம் எடுக்கிறது. பெண்கள் குலவை போடுகிறார்கள். நடுக்கம் முழங்காலுக்கு ஏறி, மூச்சு ‘உஸ்… உஸ்…’ என்று வெளியே வந்து, ஒரு துள்ளலில் பெரியப்பா எழுந்தார். உடனே இரண்டு பேர் பாய்ந்து சல்லடம் என்ற அரைக்கால் உடுப்பைக் கட்டி, குல்லாய் வைத்து, மாலை போட்டு, கையில் வல்லயம் என்ற ஈட்டியைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் பெரியப்பா என்று கூப்பிடவில்லை. வயதில் மூத்தவர்களும் “அய்யா” என்றுதான் கும்பிட்டார்கள்.

பாளையங்கோட்டையில் நாட்டார் வழக்காற்றியல் படித்த காலத்திலிருந்து எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. சாமி வருவதைத் தன்னிலை இழப்பு என்று எழுதிவிடுகிறோம். அருகில் நின்று பார்த்தால் இழப்பு என்று சொல்ல மனம் வராது. கூட்டத்தில் குழந்தைகள் குறுக்கே ஓடுகின்றன, வல்லயம் ஒருவர் மேலும் படவில்லை. மகுடத்தின் அடி மாறினால் கால் மாறுகிறது. பெரியப்பா பையனாக இருந்தபோது, ஆடும் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் எத்தனையோ கொடைக்குப் பந்தம் பிடித்து நின்றவர். யாரும் அவருக்கு ஆடக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், யாருக்கு முதலில் திருநீறு பூச வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் சேர்ந்திருக்கிறது. இப்படிச் சொல்வதால் அது நடிப்பு ஆகிவிடாது. பழகிய உடம்பில்தான் மாடன் நின்று பேச முடியும் என்பதுதான் ஊரின் கணக்கும்.

வருவதெல்லாம் சாமி என்று ஊர் ஒப்புக்கொள்வதும் இல்லை. வெளியிலிருந்து வந்து ‘நம்பிக்கை’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். அன்று குடியழைப்பில் ஒரு இளைஞன் திடீரென்று ஆடினான். கிழவர்கள் அசையவே இல்லை. ஒருவர் மெதுவாகப் போய் “யாரு வந்திருக்கது? வாயத் தொறந்து சொல்லும்” என்று கேட்டார். பதில் இல்லை. அவன் கண் கூட்டத்தின் மேல் ஓடியது, கால் மகுடத்தை விட்டு விலகி விலகி விழுந்தது. “சரக்கு ஆடுது, ஓரமா உக்கார வை” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிவிட்டார். சங்க காலக் குறிஞ்சிப் பாட்டுகளிலேயே, தலைவியின் நோய் காதல் என்று தெரியாமல் வெறியாடும் முருகன் பூசாரியான வேலனைத் தோழி கேலி செய்கிறாள். சந்தேகம் வெளியிலிருந்து வந்த சரக்கு அல்ல.

நோயையும் ஊர் பிரித்துப் பார்க்கிறது. சில வருஷங்களுக்கு முன் உறவில் ஒரு பெண்ணுக்கு வீட்டிலேயே வரத் தொடங்கியது. மேளமும் இல்லை, கொடையும் இல்லை. வரவேண்டாம் என்று அவளே அழுதாள், சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை. பெரியப்பாதான் “இது நம்மாளு இல்ல, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க” என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பு கிட்டத்தட்ட இதே கோட்டைத்தான் போடுகிறது. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வருவது நோய் அல்ல. விரும்பாமல் வந்து, துன்பப்படுத்தி, வாழ்க்கையை முடக்குவதுதான் நோய். ஆனாலும் அந்தப் பெண்ணை டாக்டரிடம் கொண்டுபோகும் முன் அலைந்த இடங்களில் வீணான மாதங்களை நான் மறைக்க விரும்பவில்லை.

சாமக்கொடைக்கு முன் குறி. எல்லோரும் எதிர்பார்த்தது அண்ணன் தம்பி இருவரை. ஒரு பொதுச்சுவருக்காகப் பேச்சே நின்றுபோனவர்கள், கூட்டத்தின் இரு ஓரத்தில் நின்றார்கள். மாடன் மூத்தவர் கையைப் பிடித்து இழுத்துவந்தார், பிறகு இளையவரை. “உங்க அப்பன் எனக்கு வருசா வருசம் சேர்ந்து பொங்கல் போட்டான். இப்ப எனக்கு ரெண்டு பானை எதுக்குலே?” இருவரும் தலை குனிந்தார்கள். சுவர் யாருக்கு என்று மாடன் சொல்லவே இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சண்டைதான், பெரியப்பாவுக்கும் தெரியும். மனுஷராக அவர் இதைச் சொன்னால் ‘நீ யார் பக்கம்’ என்ற கேள்வி வரும். மாடனிடம் அதைக் கேட்க முடியாது. அன்று ஒரே பானையில் பொங்கினார்கள். வழக்கு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. குறியின் எல்லை அது. நெஞ்சுவலிக்குக் குறி கேட்ட ஒருவருக்கு “ஆசுபத்திரிக்குப் போ மக்கா, தொணைக்கு நான் வாரேன்” என்று திருநீறு கிடைத்தது.

இசக்கி வந்தது என் சித்திக்கு. வீட்டில் கொழுந்தனார் எதிரே உட்காராதவள், அன்று அவரை “ஏலே” என்று விளித்து, மஞ்சணையை நெற்றியில் அப்பி, பிள்ளைகளின் படிப்புக் காசைக் குடித்ததற்குக் கணக்குக் கேட்டாள். அவர் கைகட்டி நின்றார். குரலற்றவர்கள் சாமி வழியாகப் பேசுகிறார்கள் என்று மானுடவியலில் ஒரு பழைய விளக்கம் உண்டு. பாதி சரி. அந்த விளக்கத்தில் இசக்கி வெறும் சாக்காகிவிடுகிறாள், சித்தியும் தந்திரக்காரி ஆகிவிடுகிறாள். சித்தியிடம் கேட்டால் “நான் எங்க பேசினேன்?” என்பாள். அதை நான் அப்படியே எழுதிக்கொள்கிறேன். எனக்குச் சாமி வந்ததில்லை. வந்தவர்கள் சொல்வதைத் திருத்தி எழுத எனக்கு உரிமை இல்லை.

நள்ளிரவில் மாடன் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போனார். எங்கள் ஊரில் பெண்கள் கூட வருவதில்லை. வழியில் உள்ள வீடுகள் கதவைச் சாத்திக்கொள்ளும், படம் எடுப்பது அறவே கூடாது. அதனால் அங்கே நடந்ததை நானும் எழுதவில்லை. அதற்கு முன் கோயிலில் நடந்த கைவெட்டைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். கணியான் தன் கையைக் கீறிச் சில சொட்டு ரத்தம் மாடனுக்குக் கொடுக்கிறார். அது சோற்றில் கலந்து திரளையாகும். அவருக்குச் சாமி வரவில்லை, நல்ல நினைவோடுதான் கீறுகிறார். ஊரார் குலசாமிக்கு ரத்தம் கொடுப்பது, பட்டியல் பழங்குடியில் சேர்ந்த, ஊரில் ஒரு சென்ட் நிலமும் இல்லாத இன்னொருவர். ஆட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம் அந்தக் கையைப் பற்றி அவ்வளவு எழுதுவதில்லை. பேசிய சம்பளத்தை அவர் மறுநாள் இரண்டு முறை கேட்டுத்தான் வாங்கினார்.

சாமியை வரவழைப்பதைவிட மலையேற்றுவது கடினம். மேளம் பட்டென்று நின்றால் ஆடுபவர் விறைத்து விழுந்துவிடுவார், சிலருக்கு மறுநாள் வரை தலை கனக்கும். அதனால் விடியலில் மஞ்சள் நீராட்டு. கொதிக்கும் மஞ்சள் தண்ணீரில் கமுகம்பாளையை முக்கித் தலைக்கு மேல் விசிறிக்கொள்கிறார். சிதறும் துளி காற்றில் ஆறித்தான் உடம்பில் விழும் என்று பிறகு பெரியப்பாவிடம் சொன்னேன். “ஆறித்தான் விழும். பானைக்குள்ள போற கை யாரு கை?” என்றார். அந்தக் கையில் ஒரு வருஷம் கொப்புளம் கண்டதையும் அவரே சொன்னார். விரதத்தில் குறை என்று அப்போது ஊர் முடிவு செய்ததாம். மகுடம் அடியடியாகத் தளர, பாளை கையிலிருந்து விழ, பின்னால் நின்றவர்கள் தாங்கிக்கொண்டார்கள். குல்லாயைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, ஒரு செம்பு பானக்காரம். “எனக்கு அவரு வாரது தெரியும். நடுவுல சத்தம் மட்டும் கேக்கும். பேசினது நீங்க சொல்லித்தான் தெரியும்” என்றார்.

கொடை முடிந்து எட்டாம் நாள் பூசை அன்று காப்பு அறுத்தார்கள். பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் தேய்ந்திருக்கிறது. மகன் திருப்பூரில், அவனுக்கு ஒரு கொட்டாவிகூட வந்ததில்லை. மதியக்கொடையில் மகள் வழிப் பேரனுக்குக் கால் நடுங்கியதைப் பலர் பார்த்தார்கள். ஆனால் அவன் வேறு குலம், அவனுக்குச் சாமி வேறு. கோயில் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு மணிநேரம் சத்தம். கடைசியில், அடுத்த கொடைக்கும் அவனுக்கே வந்தால் பேர் சொல்லச் சொல்லிக் கேட்பது, பீடத்தில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பது, அதுவரை சல்லடம் பெரியப்பா வீட்டு மச்சிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.