எடைத்தட்டில் ஒரு கொசு உள்ளான்

வலசைப் பறவைகளுக்குக் கால்வளையமிடும் நிலையத்தில் பணிக்குச் சேர்ந்த முதல் பருவத்திலேயே ஒரு தவறான முடிவை நான் எழுத்தில் கொடுத்துவிட்டேன். “இச்சதுப்பு நிலத்தில் தங்கும் பறவைகள் எடை கூடவில்லை, குறைகின்றன, ஆகவே எரிபொருள் நிரப்பும் இடமாக இதைக் கருத இயலாது” என்பது அதன் சாரம். கணக்கில் பிழை எதுவும் இல்லை. கணக்குக்குள் எந்தப் பறவைகள் வந்தன, எப்போது எடைபோடப்பட்டன என்பதில்தான் பிழை இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின.

வேலை எளிமையானது. மாலையில் ஆழமற்ற நீர்ப்பரப்பின் மீது மிஸ்ட் வலைகளைக் கட்டுவோம். வலையில் விழும் நீர்க்கரைப் பறவைகளான உள்ளான்களைப் பிரித்தெடுத்து, துணி மூடிய பெட்டிகளில் வைத்துக் கூடாரத்துக்குக் கொண்டுவருவோம். வளையம் மாட்டி, இறக்கையின் நீளத்தை அளந்து, மார்பு இறகுகளை ஊதி விலக்கிப் பார்ப்போம். கழுத்தடியில் கவையெலும்பின் இடைப்பள்ளத்தில் கொழுப்பு மஞ்சளாகத் தெரியும். பள்ளம் வெறுமையாக இருந்தால் மதிப்பெண் 0. தசையே தெரியாதபடி கொழுப்பு மூடியிருந்தால் 8. பிறகு பறவையைத் தலைகீழாக ஒரு கூம்புக்குள் நிறுத்தி எடைபோட்டு விட்டுவிடுவோம்.

கொசு உள்ளான் அங்கு நாங்கள் மிகுதியாகப் பிடித்த பறவை. கொழுப்பே இல்லாத நிலையில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இறக்கை நீளத்துக்கேற்ப இது சற்று மாறும். அதனால்தான் இறக்கையையும் அளக்கிறோம். அந்த 20 கிராமுக்கு மேல் உள்ளது அனைத்தும், பெருமளவுக்கு, எரிபொருள். அதைக் கொழுப்பற்ற எடையால் வகுத்தால் வருவது எரிபொருள் சுமை: 22 கிராம் பறவைக்கு 0.1, 30 கிராம் பறவைக்கு 0.5. பறவை ஏன் கொழுப்பைச் சுமக்கிறது என்பதற்கு விடை எளிது: ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 39 கிலோஜூல் ஆற்றல் தரும், நீரோடு சேர்ந்த தசையின் ஒரு கிராம் அதில் எட்டில் ஒரு பங்கைக்கூடச் சரியாகத் தராது.

இனி என் பிழைக்கு வருகிறேன். முதன்முறை பிடித்த எடையையும், அதே வளைய எண் மறுபடி வலையில் விழுந்தபோது இருந்த எடையையும் எடுத்து, வேறுபாட்டை இடைப்பட்ட நாட்களால் வகுத்தேன். சராசரி சுழியத்துக்குக் கீழே இருந்தது. மூத்த சக ஊழியர் ஒருவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, “இவற்றில் எத்தனை பறவைகள் மறுநாளே பிடிபட்டவை?” என்று மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல். வந்திறங்கிய பறவை முதல் ஒன்றிரண்டு நாட்களில் எடை கூடுவதில்லை. சில வேளை இழக்கவும் செய்கிறது. நீண்ட பறத்தலின்போது குடலும் ஈரலும் சுருங்கிவிடுவதால், அவற்றை மீண்டும் கட்டியெழுப்பிய பிறகே அது முழு வேகத்தில் தின்று செரிக்க முடியும். புதிய இடத்தில் இரை எங்கே இருக்கிறது என்பதையும் தேட வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, வலையில் சிக்கியதே அதற்கு ஒரு பின்னடைவு. ஆக, நான் அளந்தது சதுப்பின் தரத்தை அல்ல. வந்து சேர்ந்த களைப்பையும் எங்கள் கைகளின் தொல்லையையும்.

இரண்டாவது கோளாறு இன்னும் நுட்பமானது. கொழுத்து வந்த பறவை அன்றிரவோ மறுநாளோ கிளம்பிவிடும். அது மறுபடி வலையில் விழாது. மறுபடி விழுபவை பெரும்பாலும் மெலிந்தவை, தங்க வேண்டியவை. அவற்றிலும் விரைவாக எடை கூடியவை முதலில் போய்விடும். மெதுவாகக் கூடுபவையே திரும்பத் திரும்ப நம் கணக்கில் ஏறும். நல்ல இடமாக இருக்க இருக்க, அந்த நன்மைக்குச் சான்று சொல்லும் பறவைகள் நம் ஏட்டிலிருந்து விரைவாக மறைகின்றன என்ற முரண் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது, வெட்கப்பட வேண்டிய அளவுக்குச் சாதாரணமானது. வலையில் விழுந்த பறவையின் குடல் சிறிது நேரத்தில் காலியாகிவிடும். பெட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தால் 20 கிராம் பறவை அரை கிராம் வரை இழக்கக்கூடும். வலையில் சில பறவைகளே விழும் இரவில் உடனே எடைபோடுகிறோம். நூற்றுக்கணக்கில் விழும் இரவில் கடைசிப் பெட்டி நள்ளிரவைத் தாண்டுகிறது. நாளுக்கு அரை கிராம் கூடுகிறதா என்று தேடும் ஆய்வில், அரை கிராமைப் பெட்டியிலேயே தொலைத்துக்கொண்டிருந்தோம். இதன்பின் பிடித்த நேரம், எடைபோட்ட நேரம் என இரண்டு பத்திகள் ஏட்டில் சேர்ந்தன. இரத்தத் துளியிலிருந்து மதிப்பிடும் முறைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ட்ரைகிளிசரைடு மிகுந்திருந்தால் பறவை கொழுப்புச் சேர்க்கிறது என்றும், பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் மிகுந்திருந்தால் பட்டினியில் கொழுப்பைக் கரைக்கிறது என்றும் கொள்வார்கள். மறுபடி பிடிக்கத் தேவையில்லாத அருமையான வழி அது. ஆனால் பெட்டியில் காக்கவைத்த பறவையின் இரத்தம் பெட்டியின் பட்டினியைத்தான் சொல்லும்.

மூன்று நாட்களுக்கு மேல் தங்கிய பறவைகளை மட்டும் எடுத்து, காத்திருந்த நேரத்தையும் திருத்தி, மறுபடி கணக்கிட்டபோது கோடு மேலேறியது. விவாதத்துக்காக அதை நாளுக்குக் கொழுப்பற்ற எடையில் 4 விழுக்காடு, அதாவது 0.8 கிராம் என்று எடுத்துக்கொள்கிறேன். 22 கிராமில் வந்த பறவை 30 கிராமை எட்டப் பத்து நாட்கள். வீதம் 2 விழுக்காடாகக் குறைந்தால் இருபது நாட்கள். வடக்கே இனப்பெருக்கக் காலம் குறுகியது. பத்து நாள் தாமதம் அங்கே சிறிய இழப்பல்ல.

அந்த 30 கிராம் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும்? பறக்கும் பறவை மணிக்குத் தன் எடையில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டை இழக்கிறது என்ற தோராயத்திலிருந்து ஓர் எளிய சூத்திரம் கிடைக்கிறது. இதில் f என்பது எரிபொருள் சுமை, ln என்பது இயல் மடக்கை:

```
பறக்கும் மணி = 100 × ln(1 + f)
```

f = 0.1 எனில் 9.5 மணி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 570 கிலோமீட்டர். f = 0.5 எனில் 40.5 மணி, 2,430 கிலோமீட்டர். f = 1 எனில், எரிபொருள் இருமடங்கானபோதும், 69 மணி மட்டுமே. சுமையைச் சுமக்கவே சுமையின் ஒரு பகுதி செலவாகிறது.

2,400 கிலோமீட்டர் வழியின் நடுவே உள்ள ஒரு சதுப்பு நிலம் மறைந்துவிட்டது என்று கொள்வோம். முன்பு 1,200 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிரப்பிய பறவை ஒவ்வொரு முறையும் 4.4 கிராம் சேர்த்தால் போதும். இரண்டு இடங்களிலுமாக ஏறத்தாழ 11 நாட்கள். இப்போது ஒரே மூச்சில் பறக்க 9.8 கிராம் வேண்டும். 12 நாட்களுக்குச் சற்று மேல். வேறுபாடு இவ்வளவுதானா என்று நானும் ஏமாற்றமடைந்தேன். நடுச்சதுப்பு நாட்களைப் பெரிதாக மிச்சப்படுத்தவில்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. எதிர்க்காற்று வீசி, தரையைப் பொறுத்த வேகம் 60-லிருந்து 45 ஆனால், அதே 40 மணியில் பறவை 1,800 கிலோமீட்டர்தான் செல்லும். எஞ்சிய 600 கிலோமீட்டரை எதைக் கொண்டு கடப்பது? முதலில் பறக்கும் தசையையே எரிக்கும், பிறகு விழும். சராசரிக் காற்றில் தேவையற்றதாகத் தோன்றும் சிறு நீர்த்துண்டு, மோசமான காற்றில்தான் தன் பயனைக் காட்டுகிறது.

வீதம் குறைந்தால் என்ன நேரும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவிலிருந்து கிடைத்தது. தென்னமெரிக்காவிலிருந்து வரும் ரெட் நாட் என்ற உள்ளான் வகை மே மாதத்தில் இரண்டு வாரம் போல அங்கே தங்கி, குதிரைலாட நண்டுகளின் முட்டைகளைத் தின்று, ஏறத்தாழ 180 கிராமை எட்டிய பிறகு கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குக் கிளம்பும். 1990-களில் அந்த நண்டுகள் மீன்பிடிப் பொறிகளில் இரையாக வைப்பதற்காகப் பெருமளவில் பிடிக்கப்பட்டன. விரிகுடா அப்படியே இருந்தது, கரையும் இருந்தது, முட்டைதான் போதவில்லை. உரிய நேரத்தில் போதிய எடையை எட்டிய பறவைகளின் பங்கு குறைந்தது. பின்னர் உயிரோடு காணப்பட்ட பறவைகள், காணப்படாதவற்றைவிடப் பிடிபட்டபோது எடை மிகுந்திருந்தன என்பதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. வரைபடத்தில் ஈரநிலம் இருக்கிறது என்பது வேறு, அங்கே நாளுக்கு எத்தனை கிராம் கிடைக்கிறது என்பது வேறு என்று புதியவர்களுக்கு விளக்க நான் இந்த எடுத்துக்காட்டைத்தான் பயன்படுத்துகிறேன்.

எங்கள் நிலையத்தில் அந்தப் பாடம் சென்டிமீட்டர்களில் வந்தது. கொசு உள்ளானின் கால் குட்டை. ஈரச் சேற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீரிலும்தான் அது இரை பொறுக்கும். ஓராண்டு பெரிய சதுப்பின் நீர்மட்டம் ஒரு கையளவு உயர்ந்தே நின்றது. படகிலிருந்து பார்த்தவர்கள் ‘நிறைய நீர், நல்ல பருவம்’ என்றார்கள். புழுக்களும் பூச்சிகளின் இளம்புழுக்களும் சேற்றில் இருந்தன; உள்ளானின் அலகுக்கு எட்டவில்லை. எடை ஏறும் கோடு தட்டையானது.

அவ்வாண்டு, பெரிய சதுப்பிலிருந்து சிறிது தொலைவில் இருந்த, நாங்கள் அதுவரை கணக்கில் எடுக்காத ஒரு சிறு குட்டையின் விளிம்பில் வலை கட்டினோம். ஒரு வாரமாக எதிர்க்காற்று. பிடிபட்டவற்றில் பல, கொழுப்பு மதிப்பெண் 0. மார்பெலும்பின் விளிம்பு விரலில் கூராகத் தட்டுப்பட்டது. அதாவது தசையை எரித்து வந்தவை. எண்ணிக்கை எந்த இரவும் நாற்பதைத் தாண்டவில்லை. கணக்கெடுப்பில் அது ‘முக்கியத்துவமற்ற இடம்’ என்ற வரிசையில் போயிருக்கும்; ஆனால் வந்தவை மாறிக்கொண்டே இருந்தன, வளையமில்லாத கால்களே ஒவ்வோர் இரவும் மிகுதி. ஒரு பறவையை மட்டும் ஒன்பதாம் நாள் மறுபடி பிடித்தோம். முதலில் 18.6 கிராம். இப்போது தட்டு 24.1 காட்டியது, வலையிலிருந்து எடுத்துப் பதினோரு நிமிடம் என்று பத்தியில் குறித்தோம். நீரின் ஆழத்தைக் குறிக்கவும் அன்றுதான் ஒரு பத்தி சேர்த்தேன்: 2 சென்டிமீட்டர்.