பத்துக் கிலோமீட்டர் தொலைநோக்கி: ஒரு விளம்பரப் படத்தை ஆராய்ந்த நாட்குறிப்பு

காரைக்குடி, 4 நவம்பர் 2024, திங்கள்

திருப்பத்தூர் சித்தப்பா இன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். முகநூலில் வந்த விளம்பரம் அது. கையடக்கமான கறுப்பு நிற ஒற்றைக்கண் தொலைநோக்கி. உடலில் 40X60 என்றும் அதன் கீழே 500M/9500M என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. மேலே சிவப்புப் பட்டையில் "10 கி.மீ. தூரத்தில் உள்ளதையும் தெளிவாகக் காணலாம்" என்ற வாசகம். 7,999 ரூபாய் அடிக்கப்பட்டு, 2,999 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். "தம்பி, இது என்ன சாமான், இந்த விலை தகுமா என்று பார்த்துச் சொல்லு" என்பதுதான் அவர் கேட்டது.

வேட்டங்குடிப்பட்டிச் சரணாலயத்துக்கு நாரைகள் வரத் தொடங்கும் காலம் இது. பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி ஊரார் காத்துவரும் கண்மாய் அது. சித்தப்பாவுக்குப் பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே கரையில் நின்று பார்ப்பதே பெரும் மகிழ்ச்சி. அவருடைய தேவை உண்மையானது என்பதால், மேலோட்டமாக ஒரு பதிலைச் சொல்லிவிடாமல் முறையாக ஆராய்ந்து சொல்ல விரும்புகிறேன்.

5 நவம்பர், செவ்வாய்

முதல் வேலை, பொருளை இனங்காண்பது. ஸ்கிரீன்ஷாட்டை முழுதாகக் கூகுள் லென்ஸில் கொடுத்தால் அது சிவப்புப் பட்டையையும் எழுத்துகளையும் பிடித்துக்கொண்டு அதே மாதிரியான விளம்பரங்களையே காட்டுகிறது. ஆகவே பட்டை, பொத்தான், விலை எல்லாவற்றையும் வெட்டி நீக்கிவிட்டு, தொலைநோக்கியின் உடலை மட்டும் தனியே நறுக்கிக் கொடுத்தேன். அதன் பிறகு கண்ணருகு லென்சையும் அதையடுத்த குவிய வளையத்தையும் மட்டும் நறுக்கி இன்னொரு முறை தேடினேன். பெயர் மாறும், நிறம் மாறும், அச்செழுத்து மாறும். ஆனால் வளையத்தின் பற்களும், கைப்பிடி ரப்பரில் உள்ள வரிகளும், கயிறு கோக்கும் துளையின் இடமும் அச்சு வார்ப்பில் வருபவை என்பதால் அவை எளிதில் மாறுவதில்லை.

எதிர்பார்த்தபடியே, அதே உடல் வெவ்வேறு பெயர்களில் பல கடைப் பக்கங்களில் கிடைத்தது. ஒன்றில் 12X50 என்றும், இன்னொன்றில் 40X60 என்றும், மற்றொன்றில் 80X100 என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரே குழாய், ஒரே அளவு, மூன்று வேறு எண்கள். முதல் எண் குறிக்கும் உருப்பெருக்கம் உண்மையிலேயே ஆறேழு மடங்கு வேறுபடுமானால் உடலின் நீளமும் முன் லென்சும் ஒன்றாகவே இருக்க வழியில்லை.

விளம்பரத்தின் ஓரத்தில் இருந்த பறவைப் படத்தையும் தனியாக நறுக்கித் தேடினேன். ஆற்று மீன்கொத்தி ஒன்று, பின்புலம் முழுதும் மங்கலாகக் கரைந்திருக்கிறது. படங்கள் விற்கும் தளம் ஒன்றில் அதே படம் இருக்கிறது. பெரிய கேமரா லென்ஸில் எடுத்தது. இந்தக் குழாயின் வழியே தெரிந்த காட்சி அல்ல அது.

6 நவம்பர், புதன்

தொலைநோக்கியில் இரண்டு எண்கள் எப்போதும் ஒரே முறையில்தான் எழுதப்படுகின்றன. முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன் லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். ஆகவே 40X60 என்றால் நாற்பது மடங்கு பெருக்கமும் 60 மி.மீ. முன் லென்சும் இருக்கவேண்டும். இரண்டாவது எண்ணை ஸ்கிரீன்ஷாட்டிலேயே அளந்துவிடலாம்.

விளம்பரப் பக்கத்தில் கருவியின் நீளம் 15.5 செ.மீ. என்று கொடுத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் படுத்திருக்கும் படத்தில் நீளம் 620 பிக்சல். ஆகவே 4 பிக்சலுக்கு 1 மி.மீ. குழாயின் மிக அகன்ற முன் பகுதி 212 பிக்சல், அதாவது 53 மி.மீ. வெளி விளிம்பே 53 மி.மீ. என்றால் உள்ளே இருக்கும் கண்ணாடி 60 மி.மீ. இருக்கவே முடியாது. முன்புறத் தோற்றப் படத்தில் கண்ணாடியின் விட்டம் விளிம்பின் விட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு; கணக்கிட்டால் 42 மி.மீ. வருகிறது. படம் இழுக்கப்பட்டோ நசுக்கப்பட்டோ இருந்தால் இந்த அளவு பொய்த்துவிடும். ஆனால் முன்புறப் படத்தில் வட்டம் சரியான வட்டமாகவே இருக்கிறது, பக்கவாட்டுப் படமும் நேராக எடுக்கப்பட்டது. ஓரிரு மி.மீ. பிழை இருக்கலாம், 60ஐ எட்டும் அளவுக்குப் பிழை இருக்க இடமில்லை.

500M/9500M என்பதும் தன்னையே காட்டிக்கொடுக்கிறது. 9,500 மீட்டர் தொலைவில் 500 மீட்டர் அகலம் தெரியும் என்பது அதன் பொருளானால், பார்வைக் கோணம் ஏறத்தாழ 3 பாகை. நாற்பது மடங்கு பெருக்கத்தில் 3 பாகை தெரியவேண்டுமானால், கண்ணுக்கு அந்தக் காட்சி 120 பாகை அகலத்துக்கு விரிய வேண்டும். சாதாரண கண்ணருகு லென்சுகள் 50 முதல் 65 பாகை வரையே விரித்துக் காட்டுகின்றன.

சித்தப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "அப்படியானால் 10 கி.மீ. தூரம் என்பது?" என்று கேட்டார். நாற்பது மடங்கு உண்மையாகவே இருந்தாலும், 10 கி.மீ. தொலைவிலுள்ள நாரை 250 மீட்டரில் நிற்பதுபோலத்தான் தெரியும். அந்த அளவில் நத்தைகுத்தி நாரையையும் கொக்கையும் பிரித்தறிவது கடினம் என்றேன். வெறுங்கண்ணுக்கே நிலா தெரிகிறது. எவ்வளவு தூரம் "தெரியும்" என்பது ஒரு தொலைநோக்கியின் தரத்தைச் சொல்லும் அளவே அல்ல.

8 நவம்பர், வெள்ளி

படத்தை வைத்துக் கணக்கிட்டதோடு நின்றுவிடாமல் கையில் வைத்தும் பார்க்க வாய்ப்பு கிடைத்தது. உடன் பணிபுரியும் நண்பர் ஒருவரின் மகனிடம் இதே உடல் இருக்கிறது. அதில் 80X100 என்று அச்சிட்டிருக்கிறார்கள். பற்களும் வரிகளும் துளையும் அப்படியே பொருந்தின. அளவுகோலை வைத்தபோது முன் கண்ணாடி 42 மி.மீ.

உருப்பெருக்கத்தை அளக்க எளிய வழி உண்டு. தொலைநோக்கியை வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து (சூரியனை நோக்கி ஒருபோதும் கூடாது), கண்ணருகு லென்சைக் கையெட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் அதில் சிறிய ஒளிவட்டம் ஒன்று மிதப்பதுபோலத் தெரியும். முன் லென்சின் விட்டத்தை அந்த ஒளிவட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதே உருப்பெருக்கம். நாங்கள் அளந்த வட்டம் 4 மி.மீ.யைவிடச் சற்றுப் பெரியது. 42ஐ வகுத்தால் ஏறத்தாழ 10. எண்பது மடங்கு உண்மையாயிருந்தால் அந்த வட்டம் அரை மி.மீ. அளவில், ஊசிமுனைபோல இருந்திருக்கும். உள்ளே தடுப்பு வளையம் வைத்து முன் லென்சின் ஓரத்தை மறைத்திருந்தால், பயன்படும் விட்டம் 42ஐவிடக் குறைவு. அப்போது பெருக்கமும் பத்துக்குக் கீழேதான் வரும்.

ஆக, பொருள் என்னவென்பது தெளிவாகிவிட்டது: பெயர் எதுவாயினும் இது 10X42 அளவிலான ஒற்றைக்கண் தொலைநோக்கி. பொருளைக் குறை கூறவும் மாட்டேன். நடுவில் காட்சி ஓரளவு கூர்மையாகவே இருக்கிறது, ஓரங்களில் மங்குகிறது. பத்து மடங்கு என்பது கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு ஏறத்தாழ எல்லை. அதற்கு மேல் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகிக் காட்சி ஆடும். மாலையில் பறவைகள் கூடு திரும்பும் நேரத்து மங்கிய ஒளிக்கு 4 மி.மீ. ஒளிவட்டம் பயன்படும். உண்மையான 40X60 என்றால் 1.5 மி.மீ.தான் கிடைக்கும், அந்நேரத்தில் இருட்டடித்துவிடும். பொய்யான எண்ணைவிட உண்மையான எண்ணே சித்தப்பாவுக்கு நல்லது என்பதை அவரிடம் அழுத்திச் சொன்னேன்.

10 நவம்பர், ஞாயிறு

இன்று விலை. 40X60 என்ற எண்ணைத் தேடி விலையை ஒப்பிட்டால், அதே பொய்யை எழுதிய கடைகளோடு மட்டுமே ஒப்பிடுவதாக ஆகிவிடும். ஆகவே உடலின் படத்தைக் கொண்டு கிடைத்த பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெரிய விற்பனைத் தளங்களில் கருவி மட்டும் 700 ரூபாயை ஒட்டியும், கைபேசிப் பிடிப்பானும் சிறு முக்காலியும் சேர்த்து 1,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கிறது. விளம்பரத்தில் இருப்பதும் இதே மூன்று பொருள்தான். நண்பரின் மகன் கொடுத்ததும் 750 ரூபாயே. விளம்பரக் கடையின் 2,999 ரூபாயோடு, வீட்டில் வந்து பணம் வாங்கும் கட்டணம் 99 ரூபாயும் சேர்கிறது. ஆக மும்மடங்குக்கும் கூடுதல்.

அடிக்கப்பட்ட 7,999 ரூபாய்க்கு எந்த அர்த்தமும் இல்லை. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்சச் சில்லறை விலை பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளானால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தியான நாடும் வேண்டும். விளம்பரக் கடையின் பக்கத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே பொட்டலத்தின் மேலுள்ள சீட்டைப் படமெடுத்து அனுப்பும்படி அந்தக் கடையிடம் கேட்குமாறு சித்தப்பாவிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டிருக்கிறார். வந்த பதில்: "சலுகை இன்று இரவு 12 மணி வரை மட்டுமே."

மெட்டாவின் விளம்பர நூலகத்தில் அந்தப் பக்கத்தின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். "இன்று இரவு மட்டும்" என்ற இதே விளம்பரம் செப்டம்பரிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

12 நவம்பர், செவ்வாய்

"அப்படியானால் ஆயிரம் ரூபாய்க்கு அதையே வேறிடத்தில் வாங்கிவிடலாமா?" என்று சித்தப்பா கேட்டார். வாங்கலாம், அந்த விலைக்கு அது தகும். ஆனால் அவர் கண்ணாடி அணிபவர். மணிக்கணக்காகக் கரையில் நிற்பவர். ஒரு கண்ணை மூடியே நெடுநேரம் பார்ப்பது களைப்பைத் தரும். இரு கண்ணாலும் பார்க்கும் 8X42 பைனாகுலர் அவருக்கு ஏற்றது. எட்டு மடங்கில் ஆட்டம் குறையும், கண்மாயின் பரப்பும் கூடுதலாகத் தெரியும். பெயருள்ள நிறுவனத்தின் கருவிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதை மறைக்காமல் சொன்னேன். அதில் ஒரு வசதி, மாதிரிப் பெயர் ஒன்றே என்பதால் நான்கு கடைகளில் விலையைக் கேட்டு அப்படியே ஒப்பிடலாம். வார்ப்பின் அடையாளத்தைத் தேடி அலையவேண்டியதில்லை. வாங்கும்போது கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடச் சொன்னேன்.

மாலையில் அவரிடமிருந்து இன்னொரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அதே கடை, அதே படம். விலை இப்போது 1,499. சீட்டின் படம் இன்னும் வரவில்லை. மற்ற இடங்களைவிட இதுவும் ஐந்நூறு ரூபாய் கூடுதல் என்று எழுதினேன். "மதுரைக்குச் சனிக்கிழமை போகிறேன், 8X42ஐயே பார்த்துவிட்டு வருகிறேன்" என்று பதில் அனுப்பியிருக்கிறார்.