ஐம்பத்து மூன்று புள்ளிகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஏசிசிஏ என்ற கணக்காளர் தகுதிப் பரீட்சைக்குப் படித்தேன். மொத்தம் பதின்மூன்று பாடங்கள். பன்னிரண்டு முடிந்துவிட்டன. கடைசியாக நின்றது உயர்நிலைக் கணக்காய்வுப் பாடம். 50 எடுத்தால் சித்தி. முதல் தடவை 47, இரண்டாம் தடவை 48. மூன்றாம் தடவை 53 வந்தபோது எனக்கு வயது 44.

மின்னஞ்சலைப் பார்த்த கையோடு எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வாழ்த்துகள் வந்து குவிந்தன. அவற்றின் நடுவே உயர்தர வகுப்பில் என் பக்கத்து மேசையில் இருந்தவன், இப்போது கிள்ளானில் இருப்பவன், இப்படி எழுதியிருந்தான்: "அப்ப இனி ஐயாவைப் பார்க்க அப்பொயின்ட்மென்ட் எடுக்க வேணுமோ? நாப்பத்து நாலு வயதில பாஸ் பண்ணினதுக்கு மேளதாளம் வேற!" அதன் கீழே இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

முதலில் எழுதியது: "நீ தொடங்கவே இல்லை, உனக்கு என்ன தெரியும்?" அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நூறு பேர் முன்னால் அவனுக்குப் பின்வாங்க இடமே இருந்திருக்காது. அதை அழித்துவிட்டு, "சும்மா லக் மச்சான், பெரிய விஷயம் இல்லை" என்று எழுதினேன். அதுவும் பொய். மூன்று வருடம் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படித்ததை நானே ஏன் சின்னதாக்க வேண்டும்? அதையும் அழித்தேன்.

உளவியல் படிக்கும் என் மகள்தான் ஒன்று சொன்னாள். ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல செய்திக்கு மற்றவர் காட்டும் பதிலை நாலு வகையாகப் பிரித்திருக்கிறார்களாம். மகிழ்ந்து மேலும் விசாரிப்பது ஒன்று. "நல்லது" என்று ஒரு சொல்லோடு நிறுத்துவது இன்னொன்று. கண்டுகொள்ளாமல் வேறு கதைக்குப் போவது மூன்றாவது. செய்தியையே குத்திக் காட்டுவது நாலாவது. "அவர் 'நல்லது' என்று மட்டும் எழுதியிருந்தால் வேலை அவசரம் என்று விட்டுவிடலாம், அப்பா. இது குத்தல். குத்த வேண்டுமென்றால் நின்று யோசித்துத்தான் எழுத வேண்டும். அவருக்கு ஏதோ நோகுது" என்றாள்.

அது எனக்குச் சரியாகப் பட்டது. இரவு பதில் போடாமல் படுத்துவிட்டேன். காலையில் குழுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நன்றி சொன்னேன். அவனுக்குத் தனியாக எழுதினேன்: "மச்சான், நேற்று நீ எழுதினது எனக்கு நொந்தது. இந்தப் பாஸ் எனக்குப் பெரிய விஷயம், நீ சந்தோசப்படுவாய் என்று நினைச்சன். ஏதாவது மனசில இருந்தால் சொல்லு." வேறு எதுவும் சேர்க்கவில்லை. 'உனக்குப் பொறாமை' என்று எழுதக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். அவன் எழுதியது என் கண் முன்னால் இருந்தது. ஏன் எழுதினான் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் அவன் அதை மறுப்பான், கதை அங்கேயே திசைமாறிவிடும்.

நீலக் குறி விழுந்தது. பகல் முழுக்கப் பதில் இல்லை. நான் திரும்பவும் தட்டவில்லை. மாலை ஆறரைக்கு, "சென்ட்ரலுக்கு வாறன்" என்று வந்தது.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், துன் சம்பந்தன் சாலை ஓரக்கடையில் இரண்டு தே தாரிக் தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அவன் கண்ணாடிக் குவளையின் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான்: "47 வந்தண்டு எனக்குத்தான் முதல்ல கோல் அடிச்சனீ. 48 வந்தண்டும் எனக்குத்தான். ரெண்டு தரமும் ரயில் ஏறி வந்தன். பாஸ் பண்ணினதை மட்டும் நூறு பேரோட சேர்த்து எனக்குச் சொல்லுறாய்."

நான் வாயடைத்துப் போனேன். அவன் சொன்னது உண்மை. முதல் தடவை அவன் மனைவி கட்டிக்கொடுத்த புட்டோடு வந்து, இரவு பதினொரு மணிவரை என் பக்கத்தில் இருந்தவன்.

"அது என் பிழைதான் மச்சான். உனக்குத்தான் முதல்ல எடுத்திருக்க வேணும்" என்றேன். ஆனால் அதோடு விடவில்லை. விட்டிருந்தால் அவன் எழுதியது சரி என்று ஆகியிருக்கும். "அதுக்காக என்ர வயதை வைச்சு எல்லாருக்கும் முன்னால நக்கலடிச்சது சரியில்லை" என்றும் சொன்னேன். அவன் குவளையைக் கீழே வைத்தான். "ஓம், அது பிழை" என்றான். குழுவில் போட்டதை அழிக்கவா என்று கேட்டான். எல்லாரும் பார்த்தாகிவிட்டது, வேண்டாம் என்றேன். (இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, சொல்லு. அந்தக் கடைசிப் பேப்பர்ல என்னடா கேட்டவங்கள்?" என்றான். நான் முதல் கேள்வியிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது தே தாரிக்கும் ஆறிப்போனது. கிள்ளான் ரயில்கள் இரண்டு போயின. அவன் எழும்பவில்லை.