கார்பெலில் கம்பி எங்கே முடிகிறது?

தூணிலிருந்து குட்டையாக நீண்டு பீமைத் தாங்கும் கார்பெலின் டிராயிங் சரிபார்க்க வந்தால், மேல் கம்பியின் நுனியைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு தொழிற்சாலைக் கட்டட வேலையில் வந்த பழக்கம் இது.

400 மி.மீ. தூணிலிருந்து 300 மி.மீ. நீண்ட கார்பெல். வேர்ப்பகுதியில் ஆழம் 500. பிரீகாஸ்ட் பீம் இறக்கும், பாதுகாப்புக் காரணி சேர்த்த சுமை 400 கிலோநியூட்டன், தூண் முகத்திலிருந்து 200 மி.மீ. தள்ளி. பீம் சுருங்கும்போது வெளிப்பக்கமாக இழுக்கும் என்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 80, கிடைவிசை.

சுமை, பீம் அமரும் பேடிலிருந்து ஸ்டிரட் எனும் சாய்வான அழுத்தப் பாதையாக இறங்கி, தூணுக்குள் 50 மி.மீ. உள்ளே உள்ள நோடில், அதாவது விசைகள் சந்திக்கும் புள்ளியில், சேர்கிறது. கிடைத்தூரம் 250, உயரம் 400. ஆகவே டையில், அதாவது இழுப்பைத் தாங்கும் மேல் கம்பியில், இழுவிசை 400 × 250/400 = 250. அதோடு கிடைவிசை 80. அது டைக்கு 50 மி.மீ. மேலே செயல்படுவதால் இன்னொரு 10. மொத்தம் 340 கிலோநியூட்டன். எஃப்.இ.500 கம்பிக்கு 782 சதுர மி.மீ. வேண்டும், நாலு 16 மி.மீ. கம்பி 804 தருகிறது. கணக்கு சரி.

அப்புறம் டிடெயிலிங்கைப் பார்த்தேன். கம்பியை முன்முகத்தில் கீழே வளைத்திருந்தார்கள். கவர் 40, கம்பி 16, வளைவின் உள் ஆரம் 64 கழித்தால் நேர்ப்பகுதி தூண் முகத்திலிருந்து 180 மி.மீட்டரிலேயே முடிகிறது. சுமையோ 200-ல்! பேட் 150 மி.மீ. அகலம் என்பதால் அதன் வெளி விளிம்பு 275-ல் இருக்கிறது. பேடுக்கு அடியில் டை போய்ப் பிடிக்க வேண்டிய நோடுக்கு முன்பே கம்பி இறங்கத் தொடங்கிவிடுகிறது. இப்படி விட்டால் பேடுக்கு அடியில் சாய்வாக விரிசல் விட்டு முன்மூலை உடைந்து விழும். கம்பியின் பரப்பைக் கூட்டினாலும் இது தீராது.

இதற்காகத்தான் இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பான ஐ.எஸ். 456, முன்முகத்தில் குறுக்குக் கம்பியோடு வெல்டு செய்யச் சொல்கிறது, அல்லது கம்பியை லூப்பாக மடக்கச் சொல்கிறது. லூப் போட்டால் சுமைப்பரப்பு கம்பியின் நேர்ப்பகுதியைத் தாண்டக் கூடாது. அதற்கு கார்பெல் கிட்டத்தட்ட 400 மி.மீ. நீள வேண்டும். கிரேன் பாதைக்கு அவ்வளவு இடம் இல்லை. அதனால் 350 ஆக்கி, அதே 16 மி.மீ. குறுக்குக் கம்பியை வெல்டு செய்யச் சொன்னோம். அதன் உள்முகம் 294-ல் வருகிறது, பேட் 275-ல் நின்றுவிடுகிறது. வெல்டுக்கு ஏற்ற கம்பிதானா என்று ஆலைச் சான்றிதழையும் கேட்டு வாங்கினோம்.

நீளத்தோடு ஒப்பிட்டால் ஆழம் அதிகமான டீப் பீமிலும் கண் இங்கேதான் போக வேண்டும். சாதாரண பீம்போல் அடிக்கம்பியை இடையில் நிறுத்த முடியாது, ஏனென்றால் அதில் சுமை வில்போல வளைந்து இறங்குகிறது, அந்த வில்லைக் கட்டியிருக்கும் டையில் இழுவிசை தாங்கியிலிருந்து தாங்கி வரை ஏறக்குறைய ஒரே அளவுதான். தாங்கி முகத்துக்கு அப்பால், கம்பி தன் முழு வலிமையோடு கான்கிரீட்டைப் பிடிக்கத் தேவையான பிடிப்பு நீளத்தில் 0.8 பங்காவது கம்பி உள்ளே போயிருக்க வேண்டும். ஒடுக்கமான தூண் என்றால் அந்த இடம் கிடைக்கிறதா என்று டிராயிங்கிலேயே அளந்துவிடுவேன்.