கேன்டீன் நாட்குறிப்பு: ஜூன் முதல் அக்டோபர் வரை

2024 ஜூன் 19, புதன்

பள்ளி திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. காலை பதினொன்றரைக்கு கேன்டீனுக்குள் நுழைந்தேன். எலுமிச்சை சாதம் பெரிய அலுமினிய அண்டாவில், மேலே தினத்தாள் மூடி. எப்போது வடித்தது என்று கேட்டேன். "காலைல ஆறரைக்கு சார்." குத்திப் பார்க்கும் வெப்பமானியை நடுவில் சொருகினேன்: 41 டிகிரி. சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

ஆறு மணி நேரம் வெதுவெதுப்பில் கிடக்கும் சாதம்தான் என் பெரிய பயம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து இயல்பாகவே இருக்கும். சோறு வேகும் சூட்டில் அது சாகாது. ஆறும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போவதில்லை. ஒன்று 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும், இல்லையேல் அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குள் தள்ள வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

போன வருடம் இதையே நாலு தடவை வாயால் சொன்னேன். கேன்டீன் ஒப்பந்தக்காரர் அண்ணாச்சியும் நாலு தடவை "இனிமே நடக்காது சார்" என்றார். ஒன்றுக்கும் தாள் இல்லை. இன்று ஒப்பந்தத்தை எடுத்து முழுசாகப் படித்தேன்: எழுத்தில் இரண்டு எச்சரிக்கை, ஒவ்வொன்றுக்கும் சரிசெய்ய 15 நாள், அதன் பிறகும் திருந்தாவிட்டால் 30 நாள் முன்னறிவிப்போடு முடிக்கலாம். வாயால் சொன்ன நாலும் கணக்கில் சேராது.

முதல் கடிதம் இன்றே. நேரம், வெப்பநிலை, போட்டோ எல்லாம் சேர்த்தேன். அண்ணாச்சியிடம் நகலில் கையெழுத்து வாங்கினேன். "என்ன சார் புதுசா கையெழுத்தெல்லாம்" என்றார்.

ஜூலை 23, செவ்வாய்

15 நாளில் சாதத்துக்கு ஹாட்கேஸ் வந்தது உண்மை. பதினாறாவது நாள் அது மூலையில், மேலே வெங்காய மூட்டை.

இன்றைய பட்டியல் மூன்று. போண்டா எண்ணெய் கறுத்து, சட்டியில் நுரை கட்டி, வடை போடுமுன்னே புகைகிறது. மூன்று நாள் எண்ணெய் என்று பரிமாறும் தம்பியே சொல்லிவிட்டான். பருப்பு மூட்டை அடியில் எலிப் புழுக்கை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு மருத்துவச் சான்று கிடையாது. அதில் ஒருவன் விரலில் துணி சுற்றிக்கொண்டு மாவு கரைத்தான்.

இரண்டாவது கடிதம். ஒப்பந்தப்படி மீறல் ஒன்றுக்கு 5,000 அபராதம். எண்ணெய்க்கும் எலிக்குமாக 10,000 என்று எழுதினேன். மருத்துவச் சான்றுக்கு ஒரு வாரம் தந்தேன். அண்ணாச்சி படித்துவிட்டு ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டார். நாலாவதாகக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இல்லை என்றும் சேர்த்திருந்தேன். அதற்கு மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். ஏன் என்று புரியவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மதியம் ஒன்றரை மணிக்கு நர்ஸ் போன் செய்தார். ஏழாம் வகுப்பில் ஏழு பிள்ளைகளுக்கு வாந்தி. எல்லோரும் பன்னிரண்டு மணி முதல் பந்தியில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டவர்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் வாந்தி, காய்ச்சல் இல்லை. நான் பயந்த அதே சாயல். மாலைக்குள் எல்லோரும் தெளிந்துவிட்டார்கள், வீட்டுக்கும் போய்விட்டார்கள்.

ஓடினேன். அண்டா கழுவிக் கவிழ்த்திருக்கிறது. ஒப்பந்தத்தில் தினமும் ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு மாதிரி எடுத்து இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. குளிர்பெட்டியில் பால், பன்னீர், ஒரு தர்பூசணி. மாதிரி இல்லை.

பிரின்சிபால் மேடம், "நாளைக்கே பூட்டுங்க, சாமான் ஒண்ணும் வெளிய போகக்கூடாது" என்றார். நியாயமான கோபம். ஆனால் பூட்டினால் நாம்தான் மாட்டுவோம் என்று வக்கீல் போனில் சொன்னார். அண்ணாச்சியுடன் போட்டது வாடகைக் குத்தகை அல்ல, பள்ளி இடத்தில் வியாபாரம் செய்ய அனுமதி மட்டுமே. அதனால் அவர் குடியிருப்பவர் போல உரிமை கொண்டாட முடியாது. ஆனாலும் சாமானை எடுத்துக்கொண்டு போகப் போதிய அவகாசம் தரவேண்டும். அவருடைய பாத்திரத்தைப் பிணையாகப் பிடிக்க நமக்கு ஒப்பந்தத்தில் உரிமையும் இல்லை.

ஆகஸ்ட் 28, புதன்

உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு நானே தகவல் சொன்னேன். சொல்லாமல் விட்டுப் பெற்றோர் சொல்லிக் கேட்டால் பள்ளியின் மானம் போகும். வந்தார், எண்ணெயும் மசாலாவும் மாதிரி எடுத்தார், அண்ணாச்சியின் உரிமத்தைக் கேட்டார். சுவரில் மாட்டியிருந்த உரிமத்தின் காலம் ஜூலையோடு முடிந்திருக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்ததால் தேதியை நானும் ஒரு மாதமாகப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

பிள்ளைகள் வாந்தி எடுத்ததைப் பற்றி அலுவலர் நிதானமாகச் சொன்னார்: "அன்னைய சாதம் இல்லாம நான் எதையும் உறுதியா எழுத முடியாது சார்."

ஆகஸ்ட் 30, வெள்ளி

நோட்டீஸ் தயார். நேற்று இரவு மூன்று தடவை மாற்றினேன். முதல் வரைவில் "உணவு நஞ்சால் மாணவர்களை நோயுறச் செய்தமைக்காக" என்று எழுதியிருந்தேன். வக்கீல் அந்த வரியை அடித்தார். நிரூபிக்க முடியாத ஒன்றை எழுதினால், அது உடையும்போது மற்ற உண்மைகளும் கூடவே உடையும் என்றார். மாற்றி எழுதினேன்: உரிமம் காலாவதி, மாதிரி வைக்காதது, இரண்டு எச்சரிக்கைக்குப் பிறகும் தொடர்ந்த குறைகள், தேதியோடு. வாந்தி சம்பவம் பற்றி, அன்று மாதிரி இல்லாததால் காரணத்தை ஆராய முடியவில்லை என்று மட்டும். அந்த ஒரு வரி போதும்.

உரிமம் காலாவதியானால் உடனே முடிக்கவும் ஒப்பந்தத்தில் வழி உண்டு. தாளாளர் 30 நாளே தரச் சொன்னார், காலாண்டுத் தேர்வு நடுவே 900 பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டும். அதற்காகப் பழைய சோறு போட முடியுமா? ஆகவே நிபந்தனை: உரிமம் புதுப்பிக்கும் வரை அடுப்பே எரியக்கூடாது, பாக்கெட் பண்டம் மட்டும். புதுப்பித்த பிறகும் சாதமும் பொரித்ததும் கிடையாது, கண் முன்னே சுடும் இட்லி, தோசை, டீ மட்டும். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து அனுப்பப் பெற்றோருக்குச் செய்தி போனது. திட்டினார்கள்.

நேரில் தந்து கையெழுத்து, தபாலிலும் ஒரு பிரதி. இன்று பெற்றதால் 30 நாள் செப்டம்பர் 29 அன்று முடியும். அன்று ஞாயிறு, காலாண்டு விடுமுறை. வசதி.

செப்டம்பர் 4, புதன்

அண்ணாச்சியின் பதில் வக்கீல் மூலம் வந்தது. பாதி வழக்கமான மறுப்பு. நடுவில் ஒரு பத்தி மட்டும் குத்தியது: தண்ணீர்த் தொட்டி பள்ளியுடையது, அதைக் கழுவுவதும் குளோரின் போடுவதும் பள்ளியின் வேலை. அவர் கழுவச் சொல்லி பிப்ரவரியில் எழுதிய கடிதத்தின் நகலும் இணைப்பு. கோப்பில் தேடினேன். இருந்தது. என் கையெழுத்தில் "பார்க்கவும்" என்று குறிப்பு, யார் பார்க்கவும் என்று இல்லை.

தண்ணீர்க் குற்றச்சாட்டை எழுத்திலேயே திரும்பப் பெற்றேன். மேடத்துக்குப் பிடிக்கவில்லை. மீதிக் குற்றச்சாட்டுகளுக்குத் தாள் இருக்கிறது, அதனால் இதில் பிடிவாதம் பிடிப்பதில் லாபமில்லை. தொட்டியையும் இன்றே கழுவச் சொன்னேன்.

செப்டம்பர் 18, புதன்

யாரும் யோசிக்காத விஷயம் கூப்பன். 25 ரூபாய்ச் சீட்டுகளைப் புத்தகமாகத் தைத்து அண்ணாச்சி பெற்றோரிடம் முன்பணம் வாங்கி விற்றிருக்கிறார். அவர் போனால் அந்தச் சீட்டு வெறும் தாள். வகுப்பாசிரியர்கள் மூலம் திரட்டினோம், போன வெள்ளி வரை கெடு கொடுத்தோம். அண்ணாச்சி கணக்கில் 780 சீட்டு என்றார். கையில் வந்தது 1,094. ஆக 27,350 ரூபாய். எண்ணி முடிக்க நூலகத்தில் மூன்று மேஜை வேண்டியிருந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

கணக்கு முடித்தோம். தாளாளர், நான், அண்ணாச்சி, அவர் மைத்துனர், டீ.

பள்ளி தரவேண்டியது: முன்வைப்புத் தொகை 2,00,000. ஆசிரியர் சாப்பாடு, விருந்தினர் டீ என்று ஜூன் முதல் நிலுவையிலுள்ள பில் 61,400. அவர் வாங்கிப் பொருத்திய புகைப்போக்கியைக் கழற்றினால் சுவர் பெயரும், அதனால் நாமே எடுத்துக்கொள்ள 18,000. மொத்தம் 2,79,400.

அவர் தரவேண்டியது: ஆகஸ்ட், செப்டம்பர் இடக் கட்டணம் 40,000. துணை மீட்டர் மின்சாரம் 14,260. கூப்பன் 27,350. எலி ஒழிப்பும் எண்ணெய்க் கறை நீக்கமும் 9,500, ரசீதோடு. அவரே கையெழுத்திட்ட அபராதம் 10,000. மொத்தம் 1,01,110.

மேடம் முன்வைப்பு முழுதையும் பறிமுதல் செய்யலாம் என்றிருந்தார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாசகம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவில், குறிப்பிட்ட தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அச்சடித்த தொகை தானாகக் கைக்கு வராது. நமக்கு ஆன இழப்பை அடுக்கினால் எலி, எண்ணெய்க் கறை, கூப்பன், அவ்வளவுதான். மீதியைப் பிடித்தால் வழக்கு, வழக்கில் தண்ணீர்த் தொட்டி.

மிச்சம் 1,78,290 பள்ளி அவருக்குத் தரவேண்டும். தவறு செய்தவருக்கு நாம் பணம் தருகிறோமே என்று தாளாளர் முணுமுணுத்தார். அந்த 2 லட்சம் என்றைக்கும் அவர் பணம்தான், நம்மிடம் இருந்தது என்று சொன்னேன். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "பில்லுல மூணு மாசம் இழுத்தீங்க சார், அந்தக் காசுலதான் நான் புது எண்ணெய் வாங்கணும்" என்றார். சட்டப்படி பதில் இருந்தது. சொல்லவில்லை.

ஒரு நிபந்தனை சேர்த்தேன்: ஆறு ஆட்களுக்கும் செப்டம்பர் சம்பளம் தந்து அவர்கள் கையெழுத்திட்ட பட்டியல் வந்த பிறகே காசோலை.

செப்டம்பர் 29, ஞாயிறு

சாவி வந்தது. பள்ளியுடைய சாமான்களை மட்டும் பட்டியல்படி சரிபார்த்தோம்: இரண்டு குளிர்பெட்டி, மூன்று மேஜை, ஒரு எரிவாயு வழிக்குழாய். தோசைக்கல், கிரைண்டர், அண்டா எல்லாம் மினி லாரியில் ஏறின. மீட்டர் எண்ணை இருவரும் சேர்ந்து எழுதினோம். எரிவாயு சிலிண்டர் நாலு, அதில் ஒன்று வீட்டு உபயோகச் சிலிண்டர். கடைசி நாளிலும் ஒரு மீறல். எழுதிக்கொள்ளவில்லை, லாரியில் ஏற்றச் சொன்னேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

சம்பளப் பட்டியல் நேற்று வந்தது. இன்று காசோலை 1,78,290. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற கடிதத்தில் இரு தரப்பும் கையெழுத்து.

மாலை நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அறை வாசலில் நின்றாள். காய்ச்சலில் பத்து நாள் வரவில்லையாம். கையில் கசங்கிய கூப்பன், நாலு சீட்டு. கணக்கு முடிந்து எல்லாம் கையெழுத்தாகிவிட்டது. சில்லறைப் பெட்டியிலிருந்து நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்து, வவுச்சரில் "கேன்டீன், முந்தைய பாக்கி" என்று எழுதினேன்.