அத்தைக்கு யூபிஐ சொல்லிக் குடுக்க ரெண்டு நிமிஷ வீடியோ எடுத்த கதை

கடையில க்யூஆர் ஸ்கேன் பண்ணி காசு குடுக்கறது, அவ்வளவுதான் வீடியோவுல. ஆப் போட்டு பேங்க் கணக்கை சேக்கறதெல்லாம் நாமளே பக்கத்துல உக்காந்து செஞ்சு குடுத்துடணும்ங்க, அதையும் பேச ஆரம்பிச்சா ரெண்டு நிமிஷம் எந்த மூலைக்கு.

அந்த சேக்கற வேலையிலயே நல்லா அலைஞ்சாச்சு. சிம்ல இருந்து தானா ஒரு எஸ்எம்எஸ் போகணும்ல, அது போகவே இல்ல, கடைசியில பாத்தா அத்தை போட்டிருந்த ரீசார்ஜ்ல எஸ்எம்எஸ்ஸே கிடையாது. அதை சரி பண்ணினா கணக்கே காணோம்னு சொல்லுது, ஏன்னா பேங்க்ல இருக்கறது மாமாவோட பழைய நம்பர். கிளைக்குப் போனா கவுண்டர்ல ஆதார் ஜெராக்ஸ் கேட்டாங்க, எடுத்துட்டு வந்து நீட்டினா "பாஸ்புக் எங்க"ன்னு கேக்கறாரு, ரெண்டையும் ஒண்ணாவே சொல்லித் தொலைச்சிருக்கலாம். நீங்க ரெண்டையும் கையோட கொண்டு போயிடுங்க.

சரி, ஸ்க்ரிப்ட். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் ஓடுது, ஸ்கேன் வருது, தொகை வருது, பின் போடற இடம் வந்ததும் மொத்தமும் கறுப்பு! பின் யாருக்கும் பதிவாகக் கூடாதுன்னு ஆப்பே தடுக்குது, நல்லதுதான், ஆனா வீடியோ பாக்கற பெரியப்பா போன் கெட்டுப் போச்சுன்னு மூடி வச்சுடுவாரு. அதனால பேப்பர்ல நம்பர் கட்டங்களை பெருசா வரைஞ்சு போட்டோ எடுத்து அங்க ஒட்டினேன், அதுக்கு மேல குரல் இப்படி:

"இப்ப கேக்கறது போன் திறக்கற நம்பர் இல்ல அத்தை, பேங்குக்குன்னு தனியா வச்சோமே, அது. இதைப் போட்டா காசு நம்ம கணக்குல இருந்து வெளிய போகும். காசு வர்றதுக்கு இது வேணவே வேணாம். உங்களுக்கு பணம் அனுப்பறேன், பின் போடுங்கன்னு யாராவது சொன்னா போனை வச்சுடுங்க."

இதை மட்டும் ரெண்டு தடவை வர்ற மாதிரி வச்சேன். இடம் பத்தலைன்னு பேலன்ஸ் பாக்கறதை வெட்டிட்டேன், அதுக்கும் பின் கேக்கும், ரெண்டையும் சேத்து சொன்னா குழம்பிடுவாங்க.

இன்னொண்ணு, ஸ்கேன் பண்ணினா நிறைய இடத்துல கடை பேரு வராது, ஓனரோட பேருதான் வரும். மளிகைக் கடையில யாரோ ஒருத்தர் பேரு வந்ததும் அத்தை பதறி கேன்சல் பண்ணிட்டாங்க. "வர்ற பேரை சத்தமா படிங்க, கடைக்காரர் ஆமான்னு சொன்னதும் தொகையைப் போடுங்க"ன்னு ஒரு வரி சேத்தேன், அதுக்கப்புறம் அந்த இடத்துல தயக்கமே இல்ல.

கடைசி பத்து செகண்டு பெண்டிங்குக்கு. சுத்திக்கிட்டே நின்னா உடனே மறுபடி அனுப்பக் கூடாது, ரெண்டு தடவை போயிடும். கடைக்காரருக்கு வந்துச்சான்னு கேக்கணும், ஹிஸ்டரியில பாக்கணும், அவசரம்னா கையில இருக்கற நோட்டைக் குடுத்துட்டு வந்துடுங்கன்னு சொல்லி முடிச்சாச்சு.